பத்து வீட்டு ஏற்றம்

தமிழ்ச் சீரியல்களோடு பிழைப்பு பிணைந்தவர்களுக்கு வியாழக்கிழமை ஒரு பதற்றமான நாள். சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தின் டிஆர்பி கணக்கு அடுத்து வரும் வியாழக்கிழமைதான் வெளியாகிறது. அன்று மாலைக்குள் எந்த சீரியல் முதலிடம், எது இரண்டாம் இடத்துக்கு இறங்கியது, எது 0.4 ஏறியது என்ற பட்டியல் யூடியூபிலும் வாட்ஸப் குழுக்களிலும் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘8.0-லிருந்து 8.4-க்குத் தாவியது’ என்று ஒரு சீரியலின் ரசிகர்கள் கொண்டாடுவார்கள். 0.3 இறங்கிய சீரியலின் கதாசிரியர், போன வாரம் எழுதிய கல்யாணக் காட்சி மக்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று யோசிக்கத் தொடங்குவார். நேரம் மாற்றப்படுவதும், கதை திசை திரும்புவதும், சில வேளைகளில் ஒரு பாத்திரமே காணாமல் போவதும் இந்த எண்களை வைத்துத்தான்.

அந்த 0.4 உண்மையிலேயே நடந்த ஒன்றா? பார்வையாளர்கள் கூடினார்களா, அல்லது எதுவுமே மாறாமல் எண் மட்டும் ஆடியதா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். ஆனால் முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் 2015 முதல் தொலைக்காட்சிப் பார்வையை அளந்து வாரந்தோறும் வெளியிடுவது பார்க் இந்தியா என்ற அமைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் அது ஒரு மீட்டரைப் பொருத்துகிறது. சேனல்கள் தங்கள் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்புகின்றன. மீட்டர் அதைப் பிடித்து, எந்த நேரத்தில் எந்தச் சேனல் ஓடியது என்று குறித்துக்கொள்கிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. டிவி முன் வந்து உட்காரும்போது அதை அழுத்த வேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்த வேண்டும். பாட்டி பார்த்தாளா, பேரன் பார்த்தானா என்பது அப்படித்தான் தெரிகிறது. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் இருப்பது சுமார் 58,000 வீடுகளில் என்று 2025-இல் ஒன்றிய அரசு தெரிவித்தது. மொத்தத்தில் 0.025 சதவீதம்.

இந்த 0.025 சதவீதத்தைக் கேட்டதும் பலர் ‘இவ்வளவு சின்னக் கணக்கை எப்படி நம்புவது?’ என்று கொதிக்கிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் அது தவறான எண்ணின் மேல் விழுகிறது. ஒரு கணிப்பு எவ்வளவு ஆடும் என்பதைத் தீர்மானிப்பது, மொத்தத்தில் எத்தனை பங்கை அளந்தோம் என்பதல்ல. எத்தனை வீடுகளை அளந்தோம் என்பதுதான். முறையாகத் தேர்ந்தெடுத்த 2,500 வீடுகள், ஐந்து லட்சம் வீடுகள் உள்ள ஊருக்கும் இரண்டு கோடி வீடுகள் உள்ள மாநிலத்துக்கும் ஏறக்குறைய ஒரே துல்லியத்தைத்தான் தரும். நாடு முழுதும் 58,000 வீடுகளை வைத்து ஓர் எண் சொன்னால் அது உறுதியானதே. சிக்கல், அந்த 58,000-ஐ மொழிவாரியாக, மாநிலவாரியாக, நகரம், கிராமம் என்று, வயது, பால் என்று வெட்டிக்கொண்டே போகும்போது வருகிறது. நம் சீரியலின் எண் அப்படி வெட்டிய ஒரு துண்டிலிருந்து வருவது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக ஒரு மாநிலத்தில் 2,500 வீடுகளில் மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான டிஆர்பி நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதன் சராசரி. நாம் ‘இந்த வாரம் பார்த்த வீடு, பார்க்காத வீடு’ என்று மட்டும் பிரித்துக்கொள்வோம். போன வாரம் 8.0 என்றால் 2,500-இல் 200 வீடுகள் பார்த்தன. இந்த வாரம் 8.4 என்றால் 210 வீடுகள். கொண்டாட்டத்துக்குக் காரணமான தாவல் மொத்தமே பத்து வீடுகள்.

சதவீதத்தைத் திரும்ப வீடுகளாக மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பெரும்பாலான சந்தேகங்கள் அந்த ஒரு கணத்திலேயே எழுந்துவிடும். ஆனால் சந்தேகம் மட்டும் போதாது. பத்து வீடு குறைவா, அதிகமா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும்.

இரண்டு வாரமும் மீட்டர் இருந்தது பெரும்பாலும் அதே வீடுகளில்தான் என்பதால் ஒரு நல்ல வழி இருக்கிறது. போன வாரம் பார்த்த 200 வீடுகளில் 150 வீடுகள் இந்த வாரமும் பார்த்தன என்று வைத்துக்கொள்வோம். அவை தங்கள் வழக்கப்படி இருந்துவிட்டன. மாற்றத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. இரண்டு வாரமும் பார்க்காத இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளும் அப்படியே. மீதி இருப்பவை இரண்டு கூட்டம்: போன வாரம் பார்த்து இந்த வாரம் விட்ட 50 வீடுகள், போன வாரம் பார்க்காமல் இந்த வாரம் புதிதாக வந்த 60 வீடுகள். ஆக, இடம் மாறிய வீடுகள் 110. கதை முழுதும் இந்த 110-க்குள் இருக்கிறது.

இந்த 110 வீடுகள் ஏன் மாறின? ஒரு வீட்டில் விருந்தாளி வந்திருப்பார். இன்னொன்றில் பிள்ளைக்குப் பரீட்சை. ஒரு தெருவில் மின்சாரம் போயிருக்கும். ஒருத்தி ஊருக்குப் போய் இந்த வாரம் திரும்பியிருப்பாள். சீரியலின் தரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத காரணங்களால் வீடுகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். சீரியல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால், மாறிய ஒவ்வொரு வீடும் ‘வந்தது’ பக்கம் விழுவதற்கும் ‘போனது’ பக்கம் விழுவதற்கும் சம வாய்ப்பு. 110 முறை நாணயத்தைச் சுண்டினால் சரியாக 55 பூவும் 55 தலையும் விழுவது அரிது. 60-50 சாதாரணமாக விழும். பூவுக்கும் தலைக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்றால், மொத்தச் சுண்டல்களின் வர்க்கமூலம் அளவுக்கு. 110-இன் வர்க்கமூலம் சுமார் பத்தரை.

அதாவது எதுவுமே மாறாத ஒரு வாரத்தில்கூட பத்துப் பதினோரு வீடுகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது இயல்பு. நம் சீரியலில் சாய்ந்தது பத்து. ஏற்றம் என்று கொண்டாடியது முழுதும் அந்த இயல்பான ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத மாற்றம் என்று சொல்ல, வர்க்கமூலத்தின் இரு மடங்காவது வேண்டும் என்பது புள்ளியியலாளர்களின் பழைய வழக்கம். இங்கே அது 21 வீடுகள். சதவீதக் கணக்கில் ஏறத்தாழ 0.84. இந்தச் சீரியலுக்கு அதற்குக் கீழே உள்ள வார மாற்றத்தை வைத்து யாரையும் பாராட்டவும் வேண்டாம், யாருடைய வேலையிலும் கை வைக்கவும் வேண்டாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, அதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். ‘0.4 தற்செயலாக இருக்கலாம்’ என்றால் ‘சீரியல் ஏறவே இல்லை’ என்று அர்த்தமாகாது. பத்து வீடு ஏற்றத்துக்கு மேலும் கீழும் 21 வீடுகள் விட்டுப் பார்த்தால், உண்மையான மாற்றம் 11 வீடு இறக்கத்திலிருந்து 31 வீடு ஏற்றம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சீரியல் நிஜமாகவே கொஞ்சம் ஏறியிருக்கக்கூடும். இந்த ஒரு வார எண்ணால் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ‘மாற்றம் இல்லை’ என்று முடிவு கட்டுவதும் ‘ஏறிவிட்டது’ என்று முடிவு கட்டுவதும் ஒரே அளவு அவசரம்.

இரண்டு வாரமும் வெவ்வேறு வீடுகளைக் கேட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது விசுவாசமான 150 வீடுகள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டும் வசதி போய்விடும். வர்க்கமூலத்துக்குள் 110-க்குப் பதிலாக 200-ஐயும் 210-ஐயும் கூட்டி 410 போட வேண்டும். இயல்பான ஆட்டம் 20 வீடுகளாகும், இரு மடங்கு 40. வாராவாரம் புதிய ஆட்களிடம் எடுக்கும் தேர்தல் கருத்துக்கணிப்புகள் இப்படிப்பட்டவை. அங்கே ஒரு கட்சி 0.4 ஏறியது என்ற செய்திக்கு டிஆர்பி அளவுக்குக்கூட மதிப்பில்லை.

நிஜத்தில் டிஆர்பியின் ஆட்டம் நம் கணக்கை விடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு வீட்டில் நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் அது நான்கு பார்வையாளர்களாகப் பதிவாகும். ஆனால் ரிமோட் ஒருவர் கையில்தான். 2,500 வீடுகளில் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதால் ஒன்பதாயிரம் தனித்தனி முடிவுகள் கிடைத்துவிடுவதில்லை. தவிர, மக்கள்தொகையோடு பொருந்தும்படி சில வீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்கள். அப்படி எடை கூடிய ஒரு வீட்டில் டிவி பழுதானால் ஒரே வீடு இரண்டு மூன்று வீடுகளாக இறங்கும். மீட்டர் வீடுகளில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவதும் உண்டு. புதிய வீட்டின் ரசனை பழைய வீட்டின் ரசனையாக இருக்காது.

துண்டு சிறிதாகும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். அதே மாநிலத்தின் பெரிய நகரத்தில் மட்டும் 400 மீட்டர் வீடுகள் என்று கொள்வோம். 8 சதவீதம் என்றால் 32 வீடுகள். வெறும் நான்கு வீடுகள் கூடினால் எண் 8-லிருந்து 9 ஆகிவிடும். ‘நகரத்தில் ஒரே வாரத்தில் ஒரு புள்ளி ஏற்றம்’ என்று விளம்பரம் வரும். அதையே ‘12.5 சதவீத வளர்ச்சி’ என்றும் எழுதலாம், ஏனென்றால் 32-க்கு 4 என்பது 12.5 சதவீதம். சதவீதத்தின் மேல் இன்னொரு சதவீதம் போடும் இந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். நான்கு வீடு என்பதை 12.5 என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் கேட்பவருக்கு விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்பது மட்டும் நிறைவேறிவிடுகிறது. விளம்பரத்தில் வளர்ச்சி சதவீதம் கண்டால் ‘எத்தனை வீடு?’ என்று கேட்க வேண்டும். பதில் வராது, வராது என்பதே ஒரு தகவல்.

ஆட்டத்தைக் குறைக்க வீடுகளைக் கூட்டலாம்தான். 2014 ஜனவரியில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள், குறைந்தது 20,000 மீட்டர் வீடுகளில் தொடங்கி ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று கூட்டி 50,000-ஐ எட்ட வேண்டும் என்றன. ஆனால் வர்க்கமூலம் இங்கே இரக்கமற்றது: ஆட்டத்தைப் பாதியாக்க வீடுகளை நான்கு மடங்காக்க வேண்டும். 2,500 வீட்டுச் சந்தையில் 0.84-ஆக இருக்கும் எல்லையை 0.42-ஆக்க 10,000 வீடுகள் தேவை. ஒவ்வொரு மீட்டருக்கும் கருவி, பராமரிப்பு, ஆள் செலவு இருக்கிறது. ஆகவே சிறிய மாற்றங்கள் மங்கலாகவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு வேலை செய்யத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வீடு விவரம் கையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வர்க்கமூலத்தையும் விட நேரடியான ஒரு சோதனை இருக்கிறது. அது நம் நாட்டில் வளர்ந்த முறை. வங்காளத்தில் 1930-களின் பிற்பகுதியில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி எடுத்துக் கணக்கிட்ட பி.சி. மகலனோபிஸ், ஒரே பகுதியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தனித்தனி மாதிரிகளை எடுத்து, அவற்றை வெவ்வேறு குழுக்கள் அளக்கும்படி செய்தார். இரண்டு குழுவின் விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகினால் அந்த விலகலே பிழையின் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் இந்த யோசனை போய்ச் சேர்ந்தது.

இதை நம் சீரியலுக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,500 வீடுகளைக் குலுக்கல் முறையில் 1,250 வீதம் இரண்டாகப் பிரிக்கிறோம். முதல் பாதியில் போன வாரம் 101 வீடுகள், இந்த வாரம் 113. இரண்டாவது பாதியில் 99 வீடுகள், இந்த வாரம் 97. கூட்டினால் அதே 200, அதே 210. ஆனால் இப்போது படம் தெளிவாகிவிட்டது: ஒரு பாதியில் 8.1-லிருந்து 9.0-க்குப் பாய்ச்சல், மறு பாதியில் 7.9-லிருந்து 7.8-க்குச் சறுக்கல். ஒரே மாநிலம், ஒரே சீரியல், ஒரே வாரம். முதல் பாதி வீடுகள் மட்டுமே மீட்டர் வீடுகளாக இருந்திருந்தால் அந்த வாரம் கேக் வெட்டியிருப்பார்கள். இரண்டாவது பாதி மட்டும் இருந்திருந்தால் கதாசிரியரைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள். வீடுகளை மறுபடி மறுபடி வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கலாம். நிஜமான ஏற்றம் என்றால் எப்படிப் பிரித்தாலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஏறும்.

வெளியில் இருக்கும் வாசகருக்கு வீட்டு விவரம் கிடைக்காது. வியாழக்கிழமைப் பட்டியல் மட்டும்தான். அதை வைத்தும் பார்க்கலாம். 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தொலைபேசிக் கருவிகளின் தரத்தைக் கவனித்துவந்த வால்டர் ஷூவர்ட் என்ற இயற்பியலாளர், தொழிற்சாலை எண்கள் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதை அந்த எண்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு வரைபடத்தை முன்வைத்தார். பின்னால் அந்த வழியில் வந்த ஓர் எளிய வடிவம் வார எண்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு சீரியலின் கடந்த ஏழு வார எண்கள் 8.1, 7.7, 8.2, 8.0, 7.6, 8.1, 8.0 என்று கொள்வோம். ஒவ்வொரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் உள்ள இடைவெளியை, ஏற்றமா இறக்கமா என்று பாராமல் எழுதினால் 0.4, 0.5, 0.2, 0.4, 0.5, 0.1. இவற்றின் சராசரி 0.35. இந்தச் சீரியல் சும்மா இருக்கும்போதே வாரத்துக்கு 0.35 ஆடும் சுபாவம் கொண்டது என்று இதிலிருந்து தெரிகிறது. அந்தச் சராசரி இடைவெளியை 2.66-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.93. ஏழு வாரச் சராசரியான 7.96-க்கு மேலும் கீழும் அதை வைத்தால் 7.0 முதல் 8.9 வரை ஒரு பட்டை கிடைக்கிறது. எட்டாவது வாரம் வந்த 8.4 அந்தப் பட்டைக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. 8.9-ஐத் தாண்டினாலோ 7.0-க்குக் கீழே போனாலோ தலை தூக்கிப் பார்க்கலாம். ஏழு வாரம் குறைவுதான். பன்னிரண்டு, பதினைந்து வாரம் இருந்தால் பட்டை இன்னும் நம்பகமாக இருக்கும்.

பட்டையைத் தாண்டாமலே நடக்கும் நிஜ மாற்றமும் உண்டு. ஒரு சீரியல் மெல்லமெல்லத் தேய்கிறது என்றால் எந்த வாரமும் பெரிய சரிவு தெரியாது. அதற்கு வேறோர் அடையாளம் பார்க்க வேண்டும்: தொடர்ந்து எட்டு வாரம் எண்கள் பழைய சராசரிக்குக் கீழேயே இருந்தால், ஒவ்வொன்றும் 0.2 குறைவாகவே இருந்தாலும், அது தற்செயல் என்று சொல்வது கடினம். நாணயம் எட்டு முறையும் தலையாக விழ 256-இல் ஒரு வாய்ப்புதான். ஒரு வாரத்து 0.6 சரிவைக் கண்டு பதறுகிறவர்கள் எட்டு வாரத்து 0.2-ஐக் கவனிப்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. முதலாவது பெரும்பாலும் வெறும் ஆட்டம், இரண்டாவது பெரும்பாலும் உண்மை.

ஒரு சீரியலைப் பற்றிய கணக்கு இது. ஆனால் வியாழக்கிழமைப் பட்டியலில் இருப்பது ஒரு சீரியல் அல்ல. எல்லாச் சேனல்களையும் சேர்த்து நாற்பது சீரியல்கள் என்று வைத்துக்கொண்டால், இரு மடங்கு எல்லையைத் தற்செயலாகவே தாண்டும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் இருபதில் ஒன்று. எந்த சீரியலிலும் எதுவும் மாறாத வாரத்தில்கூட சராசரியாக இரண்டு சீரியல்கள் ‘குறிப்பிடத்தக்க’ மாற்றம் காட்டும். ‘இந்த வாரத்தின் அதிரடி ஏற்றம்’ என்று தலைப்புப் போடுகிறவர் நாற்பதில் அதிகமாக ஏறிய ஒன்றைத்தான் எடுப்பார். அப்படி எடுக்கும்போதே தற்செயலின் தயவு அதிகம் கிடைத்த சீரியலைத் தேடி எடுத்துவிடுகிறார். அடுத்த வாரம் அந்தத் தயவு தொடர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லாததால் எண் பழைய இடத்துக்கே இறங்கும். இடையில் கதையில் ஏதாவது மாற்றியிருந்தால் பழி அதன் மேல் விழும். இதே போல, மோசமாகச் சரிந்த வாரத்துக்கு மறுநாள் இயக்குநரை மாற்றினால் புதியவர் வந்ததும் எண் ஏறும். பழையவர் இருந்திருந்தாலும் ஏறியிருக்கும்.

செய்திச் சேனல்களில் இந்தச் சிக்கல் எல்லை மீறிப் போனது. செய்தி பார்ப்பவர்கள் சீரியல் பார்ப்பவர்களை விட மிகக் குறைவு. அதிலும் ஆங்கிலச் செய்தியென்றால் மீட்டர் வீடுகளில் ஒரு கைப்பிடிதான். சில வீடுகள் சாய்ந்தாலே தரவரிசை புரண்டுவிடும். தற்செயலுக்கு அது எவ்வளவு எளிதோ, வேண்டுமென்றே சாய்க்க நினைப்பவர்களுக்கும் அவ்வளவு எளிது. 2020 அக்டோபரில் மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்து டிஆர்பியைத் திரித்ததாக மும்பைக் காவல்துறை குற்றஞ்சாட்டிய பிறகு, செய்திச் சேனல்களின் வார எண்களை வெளியிடுவதை பார்க் நிறுத்தியது. 2022 மார்ச்சில் மறுபடி தொடங்கியபோது ஒரு வாரத்து எண்ணாக அல்லாமல், கடைசி நான்கு வாரங்களின் நகரும் சராசரியாகக் கொடுத்தது.

நான்கு வாரச் சராசரி நல்ல மருந்துதான். வாரங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஆடினால், சராசரியில் அந்த ஆட்டம் பாதியாகிவிடும். ஆனால் அதைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சராசரிகளில் மூன்று வாரங்கள் பொதுவானவை. ஆகவே இந்த வாரச் சராசரி மாறுவது இரண்டே காரணங்களால்: புதிதாக உள்ளே வந்த வாரம், வெளியே போன பழைய வாரம். ஒரு சேனலின் பங்கு ஐந்து வாரங்களாக 12, 8, 8, 8, 8 என்று கொள்வோம். முதல் நான்கின் சராசரி 9. கடைசி நான்கின் சராசரி 8. ‘இந்த வாரம் ஒரு புள்ளி சரிவு’ என்று செய்தி வரும்; இந்த வாரமோ போன வாரத்தைப் போலவே 8-தான். ஒரு மாதத்துக்கு முன் ஏதோ பெரிய நிகழ்வால் ஏறிய 12 கணக்கிலிருந்து விழுந்ததுதான் சரிவாகத் தெரிகிறது. மறுபக்கம், நிஜமாகவே இந்த வாரம் நான்கு புள்ளி சரிந்தால் சராசரியில் ஒன்றுதான் தெரியும். முழுதும் தெரிய ஒரு மாதம் ஆகும். இன்னொன்றும் உண்டு: நான்கு வாரமும் அதே வீடுகள் என்பதால், அந்த வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு சேனலின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவையாக அமைந்துவிட்டால், எத்தனை வாரம் சராசரி எடுத்தாலும் அந்தச் சாய்வு போகாது.

கடைசியாக, ஆட்டமே இல்லாத ஒரு மாற்றத்தையும் பார்த்துவிடுவோம். அதே சீரியல், 200 வீடுகளிலிருந்து 165-க்கு இறங்குகிறது, 8.0-லிருந்து 6.6. விட்டுப் போனவை 60 வீடுகள், புதிதாக வந்தவை 25. மாறியவை 85, அதன் வர்க்கமூலம் சுமார் 9.2, இரு மடங்கு 18.4. இறங்கியதோ 35. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஷூவர்ட் பட்டையிலும் 6.6 கீழ்க்கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆனாலும் கதாசிரியரைக் கூப்பிடும் நேரம் இன்னும் வரவில்லை. சரிவு நிஜம் என்று மட்டும்தான் கணக்கு சொன்னது. காரணத்தை அது சொல்லவில்லை. அந்த வாரம் மாலையில் ஐபிஎல் ஆட்டங்கள் இருந்திருக்கலாம். தீபாவளியோ பொங்கலோ வந்திருக்கலாம். கோடை விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கலாம். அதனால் அடுத்துப் பார்க்க வேண்டியது சீரியலின் எண்ணை அல்ல, அதே அரை மணி நேரத்தில் அந்த 2,500 வீடுகளில் எத்தனை வீடுகளில் டிவி ஓடியது என்பதை. மொத்தமே குறைந்திருந்தால் எல்லாச் சீரியல்களும் சேர்ந்து இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் டிவி ஓடிய வீடுகளில் நம் சீரியலின் பங்கு அப்படியே இருக்கும். மொத்தம் குறையாமல், விட்டுப் போன 60 வீடுகளில் நாற்பது ஐம்பது அதே நேரத்தில் ஒரே போட்டிச் சேனலில் இருந்தால், அங்கே புதிதாக என்ன தொடங்கியது என்று பார்க்க வேண்டும். போட்டிச் சேனல் எதிலும் குவியாமல் அறுபதும் சிதறிப் போயிருந்து, அடுத்த வாரமும் திரும்பி வரவில்லை என்றால், அப்போது கடந்த பத்து எபிசோடுகளை எடுத்துவைத்துக்கொண்டு எழுதியவரோடு உட்கார்ந்து பேசலாம்.